கார்த்திக், காஸ்டிங் பேப்பரை மறுபடி எழுதுமுன்

அன்புள்ள கார்த்திக்,

43 வந்திருக்கிறது என்று நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். தேர்ச்சிக்கு 50 வேண்டும். வருத்தம் இருக்கும், இருக்கட்டும். ஆனால் ‘எனக்கும் கணக்குக்கும் ஆகாது டீச்சர்’ என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நிஜத் தேர்வில் நீ போட்ட விடைகள் நம் கைக்கு வராது. அதனால் என்னிடம் இருந்த உன் மாதிரித் தேர்வுத் தாள்களை நேற்று இரவு உட்கார்ந்து திரும்பப் புரட்டினேன். கூட்டல், கழித்தல், வகுத்தலில் நீ தப்புவது அபூர்வம். சரியாக வகுக்கிறாய், ஆனால் எந்த எண்ணை எடுத்து வகுப்பது என்பதில்தான் வழுக்குகிறாய்.

ஓவர்ஹெட் கேள்வியையே எடுத்துக்கொள். பட்ஜெட் ஓவர்ஹெட் 120,000 வெள்ளி, பட்ஜெட் மணிநேரம் 24,000. நடந்தது 125,000 வெள்ளி, 23,000 மணி. நீ 125,000ஐ 23,000ஆல் வகுத்து 5.43 என்று எழுதியிருக்கிறாய். அந்த ரேட்டை வைத்தால் செலவு முழுக்க உறிஞ்சப்பட்டுவிடும். அண்டர் அப்சார்ப்ஷன் என்று ஒன்று வரவே வழியில்லை. கேள்வியோ அதைத்தான் கேட்கிறது! ரேட் வருஷத் தொடக்கத்திலேயே போடுவது. அப்போது கையில் இருப்பது பட்ஜெட் மட்டும்தான். ஆகவே ஒரு மணிக்கு 5 வெள்ளி. நடந்த 23,000 மணிக்கு உறிஞ்சியது 115,000. செலவானது 125,000. 10,000 வெள்ளி அண்டர் அப்சார்ப்ஷன்.

வேரியன்ஸிலும் இதே கோளாறுதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. 1,000 யூனிட்டுக்கு பட்ஜெட், ஒன்றுக்கு 3 கிலோ, கிலோ 4 வெள்ளி. செய்தது 1,100 யூனிட், பயன்படுத்தியது 3,400 கிலோ. நீ 3,000 கிலோவோடு ஒப்பிட்டு 1,600 பாதகம் என்றாய். 1,100 யூனிட் செய்தவனுக்கு 3,300 கிலோ நியாயமாகவே தேவை. 100 கிலோதான் கூடுதல். 400 வெள்ளி பாதகம். மல்டிபிள் சாய்ஸ் கேள்விகளில் உன் 1,600ம் ஒரு விடையாகக் காத்திருக்கும் என்பதை மறக்காதே. மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று தெரிந்துதான் கேள்வி எடுக்கிறார்கள். உன் விடை அங்கே இருப்பதாலேயே அது சரியாகிவிடாது.

பிராசஸ் காஸ்டிங்கில், நார்மல் லாஸுக்கும் செலவைப் பங்குபோடுகிறாய். அதற்கு ஸ்கிராப் விலை மட்டும்தான். 1,000 கிலோ, மொத்தச் செலவு 9,200 வெள்ளி, 10% நார்மல் லாஸ், ஸ்கிராப் கிலோ 2 வெள்ளி என்றால்: 9,200இல் 200 கழித்து, 900ஆல் வகு. கிலோ 10 வெள்ளி. அப்நார்மல் லாஸுக்கு இந்த முழு விலையும் உண்டு.

மார்ஜினல், அப்சார்ப்ஷன் லாப வித்தியாசத்தில் பிளஸ், மைனஸைத் திருப்பிப் போடுகிறாய். கையிருப்பு கூடினால் அப்சார்ப்ஷன் லாபம் அதிகம். அவ்வளவுதான்.

இன்னொன்று, கடைசிப் பக்கங்களில் வெற்றிடம் விட்டிருக்கிறாய். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஏன் காலியாக விட வேண்டும்? இரண்டு மணி நேரத்தில் 100 மார்க். 2 மார்க் கேள்விக்கு இரண்டரை நிமிஷம்கூடக் கிடையாது. ஓடவில்லை என்றால் ஒன்றைத் தட்டிவிட்டு, குறித்து வைத்துக்கொண்டு நகர்.

சரி, இனி ஆறு வாரம். முதல் இரண்டு வாரமும் ஓவர்ஹெட்டும் லாப வித்தியாசமும் மட்டும். வேறு எதையும் தொடாதே, ஆசை வரும், தொடாதே. மூன்றாம் வாரம் பிராசஸ், நான்காம் வாரம் வேரியன்ஸ். கடைசி இரண்டு வாரம் கடிகாரம் வைத்து முழுத் தாள்கள், தாளிலல்ல, கம்ப்யூட்டரில். கடைசியில் வரும் மூன்று 10 மார்க் கேள்விகளையும் திரையிலேயே பழகு.

துவாஸ் வேலைக்குப் போகும் நாளில் படிக்க உட்காருவது கஷ்டம், தெரியும். எம்ஆர்டியில் ஐந்து கேள்வி போதும், உட்கார இடம் கிடைத்தால். ஓய்வு நாளில் ஜூரோங் வட்டார நூலகத்தில் இரண்டு மணி நேரம், போனைப் பையில் போட்டுவிட்டு.

கால்குலேட்டரைத் தொடுமுன், கேள்வியிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பட்ஜெட் என்றால் ‘ப’, நடந்தது என்றால் ‘ந’ என்று எழுது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். தப்பான கேள்விகளுக்குத் தனி நோட்டுப் போடு. சரியான விடையை எழுதாதே, எந்த எண்ணை ஏன் எடுத்தாய் என்று ஒரு வரி எழுது.

மறுதேர்வுக்கு இப்போதே புக் செய்யாதே. இரண்டு முழுத் தாளில் 65 தாண்டியதும் தேதி பார்ப்போம். கட்டணம் கொஞ்சநஞ்சமா?

சனிக்கிழமை வகுப்புக்கு அரைமணி முன்னதாக வா. மேலே சொன்ன ஓவர்ஹெட் கணக்கை, இந்தக் கடிதத்தைப் பார்க்காமல், போர்டில் போட்டுக் காட்டு.

அன்புடன்,
மாலதி டீச்சர்