விண்ணப்பம் எண் 7: பிசியோதெரபிஸ்ட் பணிக்கான பரிசீலனைக் குறிப்பு

12.11.2025, மதுரை

மேடம், நேற்று நீங்கள் அனுப்பிய ஏழாவது ரெஸ்யூமேயை நம் விளம்பரத்தோடு வைத்து இரண்டு முறை படித்தேன். கூப்பிட்டுப் பேசலாம். ஆனால் கவுன்சில் பதிவு நகல் கைக்கு வந்த பிறகுதான்.

முதலில் அந்தப் பதிவு விஷயம். "மாநில கவுன்சில் பதிவு கட்டாயம், நகல் இணைக்கவும்" என்றுதான் விளம்பரத்தில் கேட்டிருந்தோம். இவர் "பதிவு எண்" என்று போட்டிருப்பது இந்தியன் அசோசியேஷன் ஆஃப் பிசியோதெரபிஸ்ட்ஸின் ஆயுள் உறுப்பினர் எண். அது சங்கம், கவுன்சில் அல்ல. சங்கத்தில் சேருவது நல்லதுதான், நானும் உறுப்பினர்தான். ஆனால் அந்த எண்ணைக் காட்டித் தொழில் செய்ய உரிமை கேட்க முடியாது. 2021-இல் வந்த மத்திய சட்டத்தில் பிசியோதெரபியும் சேர்ந்துவிட்டதால், பதிவு இல்லாத ஆளை நோயாளியிடம் விட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். இவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைக்கவில்லை. படித்து முடித்த பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. போனில் கேட்டால் தெரிந்துவிடும். இன்னொன்று: பட்டச் சான்றிதழில் இனிஷியல் எஸ், ரெஸ்யூமேயில் கே. கல்யாணத்துக்குப் பிறகு மாற்றியிருப்பார். கவுன்சில் பதிவு எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அனுபவம். "ஐந்தரை ஆண்டு" என்கிறார். கூட்டிப் பார்த்தேன், மொத்தம் 66 மாதம் வருகிறது. அதில் பி.பி.டி. இன்டர்ன்ஷிப் ஆறு மாதம், எம்.பி.டி. படித்த 24 மாதம். இரண்டையும் கழித்தால் மிச்சம் 36 மாதம்: கோயம்புத்தூர் மருத்துவமனையில் 17, மேலூர் கிளினிக்கில் 19. நாம் கேட்டது மூன்று ஆண்டு. சரியாக அவ்வளவுதான் இருக்கிறது! உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலே தகுதி வந்திருக்கும், எதற்கு இந்த வீக்கமோ.

கோயம்புத்தூரில் சேர்ந்தது ஜூன் 2020. கோவிட் காலம், அவரே "ஐ.சி.யு., செஸ்ட் பிசியோ" என்று எழுதியிருக்கிறார். கடினமான வேலை, மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் நம்மிடம் வருவது முட்டி மாற்று அறுவை முடிந்தவர்களும் பக்கவாதக்காரர்களும். எனவே நமக்கு நேரடியாக உதவுவது மேலூர் காலம்தான்.

மேலூர் பற்றி எழுதியதில் ஒரு வரி பிடித்தது: "முட்டி மாற்று அறுவை முடிந்த 60 பேர், ஆறு வாரத்தில் பெரும்பாலோருக்கு 110 டிகிரி வளைவு." கோணத்தை அளந்து எழுதி வைப்பவர் என்று தெரிகிறது. மற்ற ஆறு ரெஸ்யூமேயிலும் இப்படி ஒரு எண் இல்லை. குறை என்னவென்றால் வளைவை மட்டும் சொல்லிவிட்டு நீட்டலை விட்டுவிட்டார். முட்டி முழுசாக நீளாவிட்டால் எவ்வளவு மடங்கினாலும் ஆள் நொண்டித்தான் நடப்பார். நேரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

பக்கவாதத்துக்கு "ஹெமிப்ளீஜியா நோயாளிகள்" என்ற இரண்டு வார்த்தைதான். எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று எதுவும் இல்லை. தோள் இறங்கிப்போன நோயாளியை வீட்டார் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்போம். பார்த்தவருக்குப் பதில் உடனே வரும்.

அரைப் பக்கத்துக்கு மெஷின் பெயர்கள்: ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், டென்ஸ், டிராக்ஷன், லேசர். "கரன்ட் வைப்பது" யாருக்கும் வரும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு எதை வைக்கக் கூடாது என்று கேட்டால் போதும். இரண்டு நாள் டிரை நீட்லிங், டேப்பிங் சான்றிதழ்களுக்கு நான் மதிப்பெண் போடவில்லை. பெயருக்கு முன் "டாக்டர்" போட்டிருப்பதற்குக் குறைக்கவும் இல்லை. அந்தச் சண்டை நாடு முழுக்க நடக்கிறது, நாம் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

டூவீலர் லைசென்ஸ் இருக்கிறது, வீட்டு விசிட்டுக்குச் சம்மதம். ஜூலைக்குப் பிறகு வேலையில் இல்லை, காரணம் கேட்கலாம். கேட்கும் சம்பளம் 28,000, நம் உச்சம் 26,000. பேசினால் இறங்குவார் என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதிவு நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் எண்ணையும் செல்லுபடியாகும் தேதியையும் கவுன்சிலில் நானே சரிபார்க்கிறேன், சனிக்கிழமை நான்கு மணிக்கு நேர்காணல். வராவிட்டால் அந்த நேரத்தை மூன்றாம் எண்ணுக்குக் கொடுத்துவிடலாம். அவருக்கு முட்டி அனுபவம் குறைவு, ஆனால் பதிவு நகல் முதல் நாளே வந்துவிட்டது.