ஓ.எல். எழுதும் பிள்ளைகளுக்குப் பத்துக் கிழமை நேர அட்டவணை: முதலில் நித்திரை, பிறகு படிப்பு

தரம் 10இல் தொடங்கி இப்போது தரம் 11 வரை என்னோடு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்,

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் பத்துக் கிழமைகள் இருக்கின்றன. உங்களில் பலர் ஏற்கெனவே ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பீர்கள். அதிகாலை 3.30க்கு எழும்பி இரவு 11.30க்குப் படுக்கிற அட்டவணை என்றால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அது நாலு நாளைக்கு ஓடும். ஐந்தாம் நாள் பாடசாலையில் கண் சொருகும், ஆறாம் நாள் மாலை முழுவதும் நித்திரையாகிவிடும், அதன் பிறகு "என்னால் முடியாது" என்ற எண்ணம்தான் மிஞ்சும். அட்டவணை எழுதிய முறையில் பிழை இருக்கிறது, பிள்ளையில் இல்லை.

உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது பெரும்பாலும் நித்திரையில்தான். ஆகவே அட்டவணையில் முதலில் எழுத வேண்டியது படுக்கிற நேரமும் எழும்புகிற நேரமும். மிஞ்சுகிற நேரத்துக்குள்தான் பாடங்களை வைக்க வேண்டும்.

டியூசன் இல்லாத நாள் (செவ்வாய், வியாழன்)

காலை 5.30 எழும்புதல்
பி.ப. 1.30 பாடசாலை முடிவு, 2.15 வீடு, குளிப்பு, சாப்பாடு
2.50 – 3.15 சிறு நித்திரை, அலாரம் வைத்து
3.45 – 4.35 கணிதம்
4.35 – 4.45 இடைவேளை
4.45 – 5.30 விஞ்ஞானம் அல்லது வரலாறு
5.30 – 7.00 விளையாட்டு, நடை, முகம் கழுவி வழிபாடு
7.00 – 7.45 தொகுதிப் பாடம்
7.45 – 8.20 இரவுச் சாப்பாடு
8.20 – 9.05 கொப்பியை மூடி நினைவிலிருந்து எழுதுதல்
9.05 – 9.15 நாளைய பை
9.45 நித்திரை

இரவில் ஏழே முக்கால் மணித்தியாலமும் மத்தியானம் 25 நிமிடமும் சேர்ந்தால் நித்திரை எட்டு மணித்தியாலத்தைத் தாண்டும். படிப்பு மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. குறைவாகத் தெரியலாம், ஆனால் மேசையில் போனோடு ஆறு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பதைவிட இது அதிக வேலை வாங்கும்.

மத்தியான நித்திரையை 30 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். ஆழ்ந்த நித்திரைக்குள் போய் எழும்பினால் தலை பாரமாக இருக்கும், இரவு 9.45க்கும் நித்திரை வராது. மாலை 5 மணிக்குப் பிறகு பிளேன்டீயோ கோப்பியோ வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி ஏறக்குறைய ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகும் உடம்பில் இருக்கும்.

டியூசன் உள்ள நாள் (திங்கள், புதன், வெள்ளி)

வகுப்பு 6 மணிக்கு முடிந்தாலும் காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ வந்து சேர 6.45 ஆகும். அன்றைக்கு இரண்டே அமர்வு: 7.15 – 8.00, 8.30 – 9.15. அதற்கு மேல் வைக்காதீர்கள். டியூசனில் கேட்டதை அன்றிரவே ஒரு பக்கத்தில் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். வகுப்பில் விளங்கியது வேறு, தனியாகச் செய்ய வருவது வேறு. கிழமைக்கு ஐந்து நாளும் டியூசன் போகிற பிள்ளைகள் இரண்டையாவது நிறுத்துவது பற்றி வீட்டில் பேசுங்கள். சொந்தமாக மீட்டுவதற்கு நேரமில்லாத பிள்ளைக்கு இன்னொரு வகுப்பு உதவாது.

சனிக்கிழமை 3.00 – 4.30 தமிழ்க் கட்டுரை, 5.00 – 6.30 சமயமும் அந்தக் கிழமை பிடிபடாத அலகும். ஞாயிறு காலை 8.30க்கு ஒரு முழு வினாத்தாள், பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் அதைத் திருத்துதல். அறநெறி வகுப்போ பூசையோ உள்ளவர்கள் வினாத்தாளைப் பி.ப. 2 மணிக்கு மாற்றலாம், ஆனால் இடையில் நிறுத்தி எழும்பக் கூடாது. எல்லாம் கூட்டினால் கிழமைக்கு ஏறக்குறைய 18 மணித்தியாலம் சொந்தப் படிப்பு.

திங்கள் முதல் வெள்ளி வரை மொத்தம் 14 அமர்வுகள். கணிதம் 4, விஞ்ஞானம் 3, வரலாறு 2, தமிழ் 1, ஆங்கிலம் 1, தொகுதிப் பாடங்கள் மூன்றுக்கும் ஒவ்வொன்று. கணிதத்துக்கு நாலு கொடுத்ததற்குக் காரணம் உண்டு. உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அதில் முதல் மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடங்களில் C வேண்டும். 35 புள்ளி S, 50 புள்ளி C, 65 B, 75 A. தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 40க்குக் கீழே எடுத்தவர்கள் ஆங்கில அமர்வையும் கணிதத்துக்கு மாற்றி, ஆங்கிலத்துக்குப் பாடசாலையில் கிடைக்கும் ஓய்வுப் பாடவேளையை எடுங்கள்.

பத்துக் கிழமைகளை இப்படிப் பிரியுங்கள். முதல் நாலு கிழமை தரம் 10 அலகுகள். பரீட்சை இரண்டு வருடப் பாடத்தையும் கேட்கிறது, ஆனால் பிள்ளைகள் மேசையில் வைத்திருப்பது தரம் 11 புத்தகத்தை மட்டும். 5, 6, 7ஆம் கிழமைகளில் தரம் 11 அலகுகளும் அலகு வாரியாகக் கடந்தகால வினாக்களும். 8, 9இல் ஞாயிறு மட்டுமன்றிச் சனியும் முழு வினாத்தாள். பத்தாவது கிழமையில் புதிதாக எதையும் தொடாதீர்கள், பிழைக்கொப்பி மட்டும்.

பிழைக்கொப்பி என்பது 80 பக்கச் சாதாரணக் கொப்பி. திருத்தும்போது தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று விடயம் எழுதுங்கள்: வினா, எந்தப் படியில் பிழைத்தது, ஏன். "கவனக்குறைவு" என்று எழுதாதீர்கள், அதிலிருந்து எதுவும் கற்க முடியாது. "cm² என்பதை m² ஆக்கும்போது 100ஆல் பிரித்தேன், 10 000ஆல் பிரிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். அதே வினாவை மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் பார்க்காமல் செய்யுங்கள். இரண்டு முறையும் சரியானால் ஒரு கோடு போட்டு மூடிவிடலாம்.

மீட்டல் என்று நினைத்துப் பலர் செய்வது குறிப்பைத் திரும்பவும் அழகாக எழுதுவதும் மஞ்சள் பேனையால் கோடு போடுவதும். கண்ணுக்குப் பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. வினாத்தாளில் அந்தக் குறிப்பு பக்கத்தில் இருக்காது. புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவு வந்ததை எழுதி, பிறகு திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேர்ப்பதுதான் மீட்டல். கடினமாக இருக்கும், அந்தக் கடினம்தான் பலன் தருகிறது. புள்ளியிடும் திட்டத்தை விடை எழுதி முடித்த பிறகே திறவுங்கள்.

கணிதம் வினாத்தாள் I இரண்டு மணித்தியாலம். A பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளி. 45 நிமிடத்தில் முடியுங்கள். B பகுதியில் ஐந்து வினா, ஒன்றுக்கு 12 நிமிடம். மிஞ்சும் 15 நிமிடம் சரிபார்க்க. A பகுதியில் ஒரு வினாவோடு 6 நிமிடம் மல்லுக்கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரண்டு நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் வட்டமிட்டு விட்டுப் போங்கள். வினாத்தாள் II மூன்று மணித்தியாலம், A, B இரண்டிலும் ஆறில் ஐந்து வீதம் பத்து வினா. ஒன்றுக்கு 17 நிமிடம் எடுத்தால் கடைசி 10 நிமிடம் கைவசம் இருக்கும். அமைப்பு வரைதலில் வில்களை அழிக்காதீர்கள், புள்ளி அந்த வில்லுக்குத்தான். கேத்திரகணித நிறுவலில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதுங்கள். வரைபில் அச்சுக்களைப் பெயரிடாமல் விடுவது வருடா வருடம் காணும் இழப்பு.

விஞ்ஞானத்தில் 40 பல்தேர்வு வினாவுக்கு ஒரு மணித்தியாலம், ஆகவே ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். வரலாற்றில் படம் குறித்தலைக் கடைசிக் கிழமைக்கு வைக்காமல் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம், நாளுக்கு ஐந்து இடம் என்று இப்போதே தொடங்குங்கள். தமிழில் கட்டுரையை மனப்பாடம் செய்வது ஆபத்து, தலைப்பு சற்று மாறினாலும் மனனம் செய்தது பொருந்தாது. சட்டகம் எழுதப் பழகுங்கள்: பத்து நிமிடத்தில் ஐந்து பந்திக்குக் குறிப்பு.

இடைவேளையில் எழும்பித் தண்ணீர் குடியுங்கள், மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்குங்கள், மொட்டைமாடிக்குப் போங்கள். போனைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் என்று எடுத்தது நாற்பதாகும், திரும்பி வந்தால் கணக்கு மனதிலிருந்து போயிருக்கும். 7.00 முதல் காலை வரை போன் அம்மாவின் அறையில் இருக்கட்டும். அலாரத்துக்கு ஒரு சாதாரண மணிக்கூடு போதும்.

ஒரே அறையில் ஐந்து பேர், இரவில் தொலைக்காட்சி, பக்கத்து வீட்டுச் சத்தம் என்று இருக்கும் வீடுகள் நம் வகுப்பில் பல உண்டு. அப்படியானவர்கள் இரவு 9.00க்குப் படுத்து 4.45க்கு எழும்பி, இரவின் கடைசி அமர்வைக் காலைக்கு மாற்றுங்கள். நித்திரை நகரலாம், குறையக் கூடாது. நோன்பு காலம் இடையில் வந்தால் சஹருக்கு எழும்பும் பிள்ளைகள் மத்தியான நித்திரையை 90 நிமிடமாக்கி, நோன்பு திறந்த பின் இரண்டு அமர்வு மட்டும் வையுங்கள். கணிதத்தை சஹருக்குப் பிந்திய அமைதியான நேரத்தில் செய்யலாம்.

ஒரு நாள் அட்டவணை உடைந்தால், காய்ச்சலோ வீட்டில் விசேடமோ, அந்த அமர்வுகளை அடுத்த நாளில் அடுக்காதீர்கள். சனி இரண்டாம் அமர்வில் முக்கியமான ஒன்றை மட்டும் ஈடுசெய்து மற்றதை விடுங்கள்.

பெற்றோருக்கு மூன்று கேட்பு. இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குப் பிந்தாமல் கொடுங்கள். 9.45க்கு வீட்டு விளக்கு அணையட்டும். சொந்தக்காரப் பிள்ளையின் ஒன்பது A பற்றி இந்தப் பத்துக் கிழமை பேசாதீர்கள். பிள்ளை தொடர்ந்து பல நாள் நித்திரை கொள்ளாமல், சாப்பிடாமல், அழுதுகொண்டிருந்தால் பரீட்சை முடியட்டும் என்று காத்திராமல் எனக்குச் சொல்லுங்கள், வைத்தியரிடமும் காட்டுங்கள்.

பரீட்சைக்கு முதல் இரவு பிழைக்கொப்பியை 45 நிமிடம் பாருங்கள். அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு நீலப் பேனை, பென்சில், அழிறப்பர், கவராயம், கோணமானி, அடிமட்டம் எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிட்டு 9.45க்குப் படுங்கள். நித்திரை வராவிட்டாலும் விளக்கைப் போட்டுப் புத்தகம் எடுக்க வேண்டாம், கண்மூடிப் படுத்திருப்பதும் ஓய்வுதான்.

திங்கட்கிழமை வகுப்புக்கு வரும்போது இரண்டைக் கொண்டு வாருங்கள்: உங்கள் டியூசன் நாட்களுக்கேற்ப மாற்றி எழுதிய அட்டவணை, பெற்றோரின் கையொப்பத்தோடு, இந்த ஞாயிறு செய்த கணிதம் வினாத்தாள் II இன் பிழைகளோடு கொப்பியின் முதல் பக்கம். முதல் பாடவேளையில் ஒவ்வொருவருடையதையும் பார்ப்பேன்.

உங்கள் வகுப்பாசிரியர்