உரிமைத்தொகை அறிவிப்புப் படத்தில் என்ன இருக்கிறது: மேலத்தெரு, காலனி குழு அக்காக்களுக்கு

நேற்று இரவிலிருந்து குழுவில் சுற்றும் இரண்டு படங்களும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் 2023 ஜூலை அறிவிப்பு. யாரோ செல்போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட், பத்துக் கை மாறி வந்ததில் எழுத்து மங்கிவிட்டது. இரண்டாவது படத்தில் கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டும் இருக்கிறது. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் முழு அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, அதிலுள்ளதை இங்கே எழுத்தாகப் போடுகிறோம். பெரிய எழுத்தில் வைத்துப் படியுங்கள். படிக்க முடியாத ஆயாக்களுக்கு யாராவது வாசித்துச் சொல்லுங்கள்.

நமக்கு முகாம் 2023 ஜூலை 27, வியாழன், நடுநிலைப் பள்ளியில். காலை 9.30 முதல் 1 மணி வரை, பிறகு 2 முதல் 5.30 வரை. ரேஷன் கடைக்காரர் வீட்டுக்கு வந்து கொடுத்த டோக்கனில் உங்கள் நாளும் நேரமும் இருக்கும். அந்த நேரத்துக்குப் போனால் போதும், விடியற்காலையில் போய் வரிசை கட்ட வேண்டாம்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை

படத்தில் இருப்பது நாலே நாலு. எல்லாம் ஒரிஜினல்.

1. ஆதார் அட்டை
2. குடும்ப அட்டை (ஸ்மார்ட் ரேஷன் கார்டு)
3. மின் கட்டண ரசீது
4. வங்கி பாஸ்புக்

இவற்றோடு பூர்த்தி செய்த விண்ணப்பமும் டோக்கனும். நகல் எதையும் இணைக்க வேண்டாம் என்று அறிவிப்பே சொல்கிறது. வருமானச் சான்றும் வேண்டாம், நிலப் பத்திரமும் வேண்டாம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஜெராக்ஸ் கடையிலும் கம்ப்யூட்டர் சென்டரிலும் காசைக் கொட்டாதீர்கள். வருமானச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், இந்தத் திட்டத்துக்கு அது தேவையில்லை என்று சொல்லி அனுப்புங்கள். விண்ணப்பமும் இலவசம்தான்.

நாலில் ஒவ்வொன்றிலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு.

ஆதார்: முகாமில் விரல் ரேகை வைத்துத்தான் பதிவு. களை எடுத்து, சித்தாள் வேலை பார்த்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் போகும். அப்போது ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு ஓடிபி வரும். அந்த போன் மகனிடம் திருப்பூரில் இருந்தால் அன்றைக்கு வேலை நடக்காது. ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டில் விசாரித்து, அந்த போனை சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். ஓடிபியை முகாம் மேஜையில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் சொல்லுங்கள். "உரிமைத்தொகை ஆபீஸிலிருந்து பேசுகிறோம்" என்று போனில் கேட்பவனுக்குச் சொல்லாதீர்கள்.

குடும்ப அட்டை: உங்கள் அட்டை எந்த ரேஷன் கடையில் இருக்கிறதோ அந்தக் கடைக்கான முகாமில்தான் விண்ணப்பம். கல்யாணமாகி இங்கே வந்தும் பெயர் அம்மா வீட்டு அட்டையிலேயே இருக்கிறவர்கள் நம் தெருவில் மூன்று நாலு பேர் உண்டு. உங்களுக்கு இங்கே டோக்கன் வராது.

மின் ரசீது: வாடகை வீட்டில் இருந்தால் ரசீது வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும், அதற்காகப் பதற வேண்டாம். சொந்த வீடா வாடகை வீடா என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான இணைப்பு எண்ணைச் சரியாக எழுதுங்கள், மாடியின் எண்ணை எழுதிவிடாதீர்கள்.

பாஸ்புக்: கணக்கு விண்ணப்பிக்கிற பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும், வீட்டுக்காரர் கணக்கைக் கொடுக்காதீர்கள். பழைய சிண்டிகேட் வங்கி பாஸ்புக், அலகாபாத் வங்கி பாஸ்புக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 2020-இல் முன்னது கனரா வங்கியோடும் பின்னது இந்தியன் வங்கியோடும் சேர்ந்துவிட்டன. பழைய புத்தகத்தில் அச்சாகியிருக்கும் ஐஎஃப்எஸ்சி இப்போது செல்லாது. கிளைக்குப் போய்ப் புதுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். பல வருஷமாகப் பணம் போடாமல் எடுக்காமல் கிடக்கும் கணக்கு என்றால், அது உயிரோடு இருக்கிறதா என்றும் அப்படியே கேட்டு வாருங்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்

ஒரு குடும்ப அட்டைக்கு ஒரே ஒரு பெண். அவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அதாவது 2002 செப்டம்பர் 15-க்கு முன் பிறந்திருக்க வேண்டும். திட்டம் 2023-இல் அண்ணா பிறந்த நாளில் தொடங்குவதால் அந்தத் தேதி. அட்டையில் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயர் இருந்தால் அவருடைய மனைவிதான் தலைவி. இதற்காக அட்டையில் பெயர் மாற்ற ஓடாதீர்கள். கல்யாணமாகாத தனித்த பெண், கணவரை இழந்தவர், திருநங்கை இவர்கள் தலைமையில் குடும்பம் இருந்தால் அவர்களும் தலைவிகளே. ஒரே அட்டையில் மாமியார், மருமகள் என்று தகுதியுள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் யார் என்பதை வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள். பஞ்சாயத்தை முகாமில் வைக்க வேண்டாம்.

பொருளாதார அளவு மூன்று. மூன்றுமே பொருந்த வேண்டும்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குக் கீழ். இது வீட்டில் எல்லோர் வருமானமும் சேர்த்து. மாதத்துக்குப் பார்த்தால் ரூ.20,833 வரும். வீட்டுக்காரர் 12,000, மகன் 9,000 என்றால் மாதம் 21,000, வருஷத்துக்கு 2,52,000. இரண்டாயிரத்தில் தாண்டிவிடும். "என் வருமானம் ஒன்றுமில்லையே" என்று தன் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

நிலம்: நன்செய் என்றால் 5 ஏக்கருக்குக் குறைவு, புன்செய் என்றால் 10 ஏக்கருக்குக் குறைவு.

மின்சாரம்: வீட்டு உபயோகம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவு. குழுவில் அதிகக் குழப்பம் இதில்தான். "போன தடவை 700 யூனிட் ஓடிடுச்சு, நமக்குக் கிடைக்காது" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அப்படி இல்லை. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, ஆக வருஷத்துக்கு ஆறு. ஆறையும் கூட்டுங்கள். எடுத்துக்காட்டாக 380, 410, 560, 720, 640, 490. கூட்டினால் 3,200. கோடையில் ஃபேன் ஓடி ஒரு தடவை 720 வந்தும் இந்த வீடு தகுதிக்குள் இருக்கிறது. சராசரியாக ஒரு ரசீதுக்கு 600-க்குக் கீழ் இருந்தால் சரி. இன்னொன்று, 100 யூனிட் இலவசம் போக மீதியைக் கூட்டாதீர்கள். ஓடிய மொத்த யூனிட்தான் கணக்கு. வெள்ளை அட்டையில் மின்வாரியக்காரர் எழுதிவைத்துப் போன எண்களைப் பாருங்கள், ரூபாயைப் பார்க்காதீர்கள்.

யாருக்குக் கிடையாது

முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் சந்தோஷப்பட்டீர்கள். நிஜத்தில் முக்கியமானது இரண்டாவது படம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், அந்தக் குடும்பம் தகுதியில்லை.

குடும்பத்தில் யாராவது ஆண்டுக்கு ரூ.2.5 லட்சத்துக்கு மேல் சம்பாதித்து வருமான வரித் தாக்கல் செய்பவர், வரி கட்டுபவர், அல்லது அதே வருமானத்தில் தொழில் வரி கட்டுபவர். வண்டிக் கடனுக்காக மூன்று லட்சம் வருமானம் என்று காட்டி ஆடிட்டரிடம் ரிட்டர்ன் போட்ட பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். கடன் வாங்கப் போட்ட கணக்கு இங்கே குறுக்கே வரும். ஆனால் மில் சம்பளச் சீட்டில் தொழில் வரி பிடித்திருப்பதைப் பார்த்ததும் பயப்படாதீர்கள், அந்தச் சம்பளம் 2.5 லட்சத்தைத் தாண்டினால்தான் பிரச்சினை.

மத்திய, மாநில அரசு ஊழியர், பொதுத்துறை நிறுவனம், வங்கி, வாரியம், உள்ளாட்சி, கூட்டுறவு அமைப்பு ஆகியவற்றில் வேலை பார்ப்பவர், அவற்றின் ஓய்வூதியம் வாங்குபவர்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதி. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மட்டும் விலக்கு உண்டு.

சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப், டிராக்டர், கனரக வாகனம் போன்ற நான்கு சக்கர வண்டி வைத்திருப்பவர். டூவீலரும் ஆட்டோவும் இந்தப் பட்டியலில் இல்லை. குட்டியானை வைத்து வாடகைக்கு ஓட்டுபவர்கள் கேட்டிருந்தீர்கள். "போன்ற" என்று ஒரு வார்த்தை போட்டிருப்பதால் படத்தை வைத்து இரண்டு பக்கமும் பேசலாம். மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதி, முகாமிலேயே அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ரூ.50 லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து ஜிஎஸ்டி கட்டும் தொழில் நடத்துபவர்.

கடைசியாக அந்த வெட்டுப்பட்ட வரி. படத்தில் "முதியோர் ஓய்வூதியம், விதவை ஓய்" என்பதோடு நின்றுவிட்டது. சுவரில் உள்ள முழு வரியின் பொருள் இது: முதியோர் ஓய்வூதியம், விதவை ஓய்வூதியம், அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரிய ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஏற்கெனவே பெறும் குடும்பங்களுக்கு இல்லை. பெறும் நபருக்கு மட்டும் இல்லை என்று அங்கே சொல்லவில்லை. ஒரே அட்டையில் மாமியார் முதியோர் ஓய்வூதியம் வாங்கினால் இந்த 2023 ஜூலை அறிவிப்புப்படி மருமகளுக்கும் வராது. கணவரை இழந்தவரைத் தலைவி என்று முதல் படம் சொல்கிறது, அவர் விதவை ஓய்வூதியம் வாங்கினால் இரண்டாவது படம் நீக்கிவிடுகிறது. நியாயமா என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். அதை மனுவாக எழுதி முகாமில் கொடுக்கலாம், விண்ணப்பத்தில் ஓய்வூதியத்தை மறைக்கக் கூடாது.

இதற்கு விலக்கு ஒன்று இருக்கிறது. கடும் உடல் குறைபாடு உள்ளவர் வீட்டில் இருந்து, அவருக்குப் பராமரிப்பு உதவித்தொகை வந்தால் அது தடையில்லை. மற்றத் தகுதியின்மை எதிலும் அந்தக் குடும்பம் வராமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். காலனி கடைசி வீட்டு அக்கா, மகனுக்கு வரும் தொகையை நினைத்து விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனதாகக் கேள்வி. கொடுக்காதீர்கள், பூர்த்தி செய்யுங்கள்.

நூறு நாள் வேலைக்குப் போவது, கூரை வீடா மாடி வீடா என்பது, நகை அடமானம், குழுக் கடன் இவை எதுவும் அறிவிப்பில் இல்லை. வாய்வழியாக வரும் செய்தியை நம்பி யாரும் பின்வாங்க வேண்டாம்.

விண்ணப்பத்தின் முடிவில் உறுதிமொழி இருக்கிறது, அதற்குக் கீழேதான் கையெழுத்து. கைநாட்டு வைப்பவர்களுக்கு முதலில் முழுதாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு வீட்டுக்கே வந்து கள ஆய்வு செய்வார்கள், அதனால் வருமானம், நிலம், வண்டி மூன்றிலும் உள்ளதை எழுதுங்கள். பூர்த்தி செய்யத் தெரியாதவர்கள் புதன்கிழமை சாயந்திரம் 5 மணிக்கு அங்கன்வாடித் திண்ணைக்கு நாலு ஆவணத்தோடும் வாருங்கள். ஆறு ரசீதின் யூனிட் எண்ணையும் ஒரு தாளில் குறித்து வந்தால் அங்கேயே கூட்டிப் பார்த்துவிடலாம்.