அம்மா, போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று ராத்திரிதானே பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று உனக்கு அடிவயிறு கலங்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். வேலையில் பிரச்சினை இல்லை, யாரோடும் சண்டை இல்லை. உட்கார்ந்து நிதானமாகப் படி. இதைப் போனில் பேச மூன்று தடவை முயன்று பார்த்தேன். மூன்று தடவையும் நான் குரலை உயர்த்தினேன், நீ அழுதாய், கடைசியில் அப்பா போனை வாங்கி "சரி விடும்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை.

போன வியாழக்கிழமை நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மதியம் 3 மணிக்கு மீட்டிங். வேலைக்குச் சேர்ந்த இந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக என்னைத் தனியாகப் பேசச் சொல்லியிருந்தார்கள். போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டுப் போனேன். பாதி பேசிக்கொண்டிருக்கும்போது வரவேற்பில் இருக்கும் அக்கா கதவைத் திறந்து, எல்லோர் முன்னாலும், "உங்க அம்மா லைன்ல இருக்காங்க, அவசரமாம்" என்றார். எனக்குக் கால் நடுங்கிவிட்டது அம்மா. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மீட்டிங் அறையிலிருந்து வரவேற்புக்கு இருபது அடி இருக்கும். அந்த இருபது அடிக்குள் நான் நினைக்காத கெட்டது எதுவும் பாக்கி இல்லை. ஓடி வந்து எடுத்தால், "போனை எடுக்கலையே, அதான் பயந்துட்டேன்" என்றாய்.

திரும்பி உள்ளே போனபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் "வீட்டுல எல்லாம் ஓகேவா?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். விட்ட இடம் மறந்துபோயிருந்தது. மிச்சத்தை வேறொருவர் பேசி முடித்தார். அப்புறம் பையைத் திறந்து பார்த்தால் 17 மிஸ்டு கால். முதலாவது 3.10, கடைசி 3.52. நடுவில் என் அறைத்தோழிக்கு நான்கு தடவை, அவள் அம்மாவுக்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறாய். நாற்பத்திரண்டு நிமிடம் நான் போனை எடுக்காததற்கு இத்தனை பேர் வேலையை விட்டு என்னைத் தேடியிருக்கிறார்கள்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதையெல்லாம் கணக்குப் போட்டு எழுதவில்லை. அந்த நாற்பத்திரண்டு நிமிடம் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக உன்னோடு இருக்கிறேனே, தெரியாதா? இது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். எனக்கு மூன்று வயதில் ஒரு ராத்திரி காய்ச்சலில் வலிப்பு வந்ததை நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்து, கூப்பிட்டால் முழிக்கவில்லை என்று. அப்பா ஊரில் இல்லை. செருப்புகூடப் போடாமல் என்னைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் ஓடினாய். உன் இடது பாதத்தில் கண்ணாடி குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் உன் காலடியில் படுத்துக்கொண்டு அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்ப்பேன், ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார் என்றும் நீதான் சொல்லியிருக்கிறாய். இது காய்ச்சலால் வருகிற வலிப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான், ஐந்து ஆறு வயதுக்கு மேல் பெரும்பாலும் வராது, மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று. அவர் சொன்னபடிதான் ஆனது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கு அது மூன்று வயதோடு முடிந்துவிட்டது. உனக்கு முடியவில்லை. நீ இன்னும் அந்த ராத்திரியிலேயே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறாய். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, தொண்டை அடைக்கிறது.

ஆனால் அந்த ஓட்டத்தில் இன்னொன்று நடக்கிறது. அதைத்தான் உனக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

நான் உன்னிடம் மறைக்கப் பழகிவிட்டேன், அம்மா. காலேஜ் இரண்டாம் வருடத்தில் செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வகுப்பு நான்கு மணிக்கே முடிந்துவிடும். உன்னிடம் ஐந்து மணி என்று சொன்னேன். அந்த ஒரு மணி நேரம் நூலகத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாரையும் பார்க்கப் போகவில்லை, எங்கும் சுற்றவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பேன். நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு மணி நேரம். அதற்காக ஒரு வருடம் முழுக்க உன்னிடம் பொய் சொன்னேன்.

அதுவாவது பரவாயில்லை. இப்போது எழுதப்போவது உனக்கு வலிக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் வண்டியில் போகும்போது மணலில் சறுக்கி விழுந்தேன். வலது முட்டியில் நான்கு தையல். ஹெல்மெட் போட்டிருந்தேன், தலையில் ஒரு கீறல்கூட இல்லை. நானே எழுந்து வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அறைத்தோழிக்குப் போன் செய்தேன், அவள் ஆட்டோவில் வந்து கூட்டிப்போனாள். காயத்தைக் கழுவித் தையல் போட்டு, டி.டி. ஊசியும் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் நானே போய்த் தையலைப் பிரித்துக்கொண்டு வந்தேன். இப்போது நன்றாக மடக்கி நீட்ட முடிகிறது, மாடிப்படி ஏறுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.

அன்றைக்கு என் லொகேஷனை உன் போனில் பார்த்துவிட்டு நீ கூப்பிட்டாய். "ஆஸ்பத்திரிகிட்ட காட்டுதே, ஏன்?" என்றாய். "கூட இருக்கிற பொண்ணுக்குக் காய்ச்சல், துணைக்கு வந்தேன்" என்றேன். நீ நம்பிவிட்டாய். அப்போது நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், நர்ஸ் பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். "ஜாக்கிரதையா இரு, உனக்கும் ஒட்டிக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு வைத்தாய். வைத்த பிறகு நான் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். உண்மையில் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது நீதான். உன்னிடம் சொன்னால் வண்டி போய்விடும், அப்புறம் வேலை போய்விடும், அடுத்த பஸ்ஸில் நீ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

யோசித்துப் பார் அம்மா. அந்த மேப்பில் இருந்த புள்ளி நான் எங்கே இருக்கிறேன் என்று சரியாகத்தான் காட்டியது. எனக்கு என்ன ஆனது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவள் நான், நான் சொல்லவில்லை. அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நீ ஏமாந்தாய். அது உன் தப்பு இல்லை, என் தப்பு. ஆனால் இந்தத் தப்பை இனிமேல் செய்யாமல் இருக்க எனக்கு உன் உதவி வேண்டும்.

அந்த லொகேஷனை நான் இன்னும் அணைக்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் அணைக்க மனசு வரவில்லை. வருகிற ஒன்றாம் தேதி அணைத்துவிடுகிறேன். ராத்திரி பஸ்ஸிலோ ரயிலிலோ வரும்போது நானே போட்டு உனக்கு அனுப்புகிறேன், வீட்டுக்குள் கால் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிரு. மற்ற நாட்களில் வேண்டாம். "அந்தத் தெருவுல இருபது நிமிஷம் ஏன் நின்ன?" என்று நீ கேட்கும்போதெல்லாம், எந்தத் தப்பும் செய்யாமலே பதில் தேடுகிறவளாக ஆகிவிடுகிறேன்.

தினமும் ராத்திரி 9 மணிக்கு நான் கூப்பிடுகிறேன். கடமைக்கு இல்லை, உன்னோடு பேச ஆசைப்பட்டு. இப்போது நாம் பேசுவதில் பாதி "எங்க இருக்க, யாரு கூட இருக்க, எப்ப வருவ" என்பதிலேயே போய்விடுகிறது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டு எத்தனை நாள் ஆகிறது, சொல். பகலில் நான் எடுக்கவில்லை என்றால் ஒரு மெசேஜ் போடு, பார்த்ததும் பதில் அனுப்புகிறேன். உண்மையிலேயே அவசரம் என்றால் அடுத்தடுத்து இரண்டு தடவை கூப்பிடு, எந்த மீட்டிங்காக இருந்தாலும் எழுந்து வந்துவிடுவேன். ஆனால் நிஜமான அவசரத்துக்கு மட்டும்தான் அப்படி என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும். ஆபீசுக்கும் என் தோழிகளுக்கும் கூப்பிட வேண்டாம். ராத்திரி 10 மணி வரைக்கும் என்னிடமிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் அறைத்தோழிக்குக் கூப்பிடு, அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொன்று, இது ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. நான் ஊருக்கு வரும்போது என் பையையும் போனையும் நீ பார்ப்பது எனக்குத் தெரியும். போன தடவை ஜிப் வேறு பக்கம் இருந்தது. அதில் ஒளிக்க எதுவும் இல்லை, இருந்தாலும் பார்க்காதே. கேள், சொல்கிறேன். தம்பிக்குப் பத்தொன்பது வயதுதான், ராத்திரி 11 மணிக்கு வருகிறான், நீ அவன் பையைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அவன் மேல் வைத்திருக்கிற நம்பிக்கையில் எனக்கும் பங்கு கொடு.

அடுத்த மாதம் பயிற்சிக்கு ஆபீசில் மூன்று நாள் வெளியூர் அனுப்புகிறார்கள். இந்தத் தடவை நான் உன்னிடம் போகட்டுமா என்று கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்கிறேன். தங்கும் இடம், கூட வருகிறவர்கள், கிளம்பும் நேரம் எல்லாம் தருகிறேன். நீ பயப்படுவாய். பயப்படு அம்மா, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த பயத்தை அப்பாவிடமோ பெரியம்மாவிடமோ சொல்லி ஆற்றிக்கொள். நான் போவதற்கு முந்தின நாள் எனக்கு வாழ்த்து மட்டும் சொல்.

என்னை ஒன்றும் தெரியாதவளாக நீ வளர்க்கவில்லை. விழுந்த அன்றைக்குக் காயத்தில் மண் இருக்கக் கூடாது, ஊசி போடச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியது? நீ சொல்லிக்கொடுத்ததுதான். முட்டியில் ரத்தம் வழியும்போதுகூட "முதல்ல வண்டியை ஓரமா நிறுத்து" என்று என் காதில் கேட்டது உன் குரல்தான்.

இதைப் படித்துவிட்டு உடனே கூப்பிடாதே. முட்டியைப் பற்றிக் கேட்கக் கை பரபரக்கும், தெரியும். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். லொகேஷன் போட்டு விடுகிறேன். வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து தழும்பைக் காட்டுகிறேன். நீயே தொட்டுப் பார்த்துக்கொள். திட்ட வேண்டியதையும் அப்போது திட்டு.

அன்புடன்,
உன் மகள்