சீலிங் ஃபேன், டேபிள் ஃபேன்: தாராவி 90 அடி ரோடு கடையில் இப்போது இருப்பவை

சத்தம் தவிர மற்ற எண்கள் பெட்டியில் அச்சிட்டிருப்பவை, சீலிங் ஃபேனுக்கு ஐந்தாம் ஸ்பீடில், டேபிள் ஃபேனுக்கு மூன்றாம் ஸ்பீடில். சத்தத்தை நாங்களே அளந்தோம்: இரவு ஷட்டரை இறக்கிவிட்டு, ஃபேனிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரே ஃபோனில். ஃபேன் ஓடாதபோதே கடையில் 38 டெசிபல் காட்டியது. ஆய்வுக்கூட அளவு இல்லை. இந்த ஐந்து ஃபேன்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்று அளவு என்பது ஒரு நிமிடத்தில் தள்ளும் காற்று, கன மீட்டரில். பெட்டியில் CMM என்று இருக்கும்.

1. சாதா சீலிங் ஃபேன், 48 இஞ்ச், ₹1,650
ஸ்வீப் 1200 மி.மீ. | 350 சுற்று | காற்று 212 | 52 வாட் | 1 ஸ்டார்
சத்தம்: ஐந்தில் 56, மூன்றில் 48 டெசிபல்

10-க்கு 12 அடி அறைக்குத் தாராளம். உங்கள் பழைய ரெகுலேட்டரிலேயே ஓடும். வெள்ளை, பிரவுன். இரண்டு வருட வாரண்டி.

2. பிஎல்டிசி சீலிங் ஃபேன், 48 இஞ்ச், ரிமோட்டுடன், ₹2,850
ஸ்வீப் 1200 மி.மீ. | 350 சுற்று | காற்று 225 | 30 வாட் | 5 ஸ்டார்
சத்தம்: ஐந்தில் 50, மூன்றில் 42 டெசிபல்

முதல் ஃபேனோடு வைத்துப் பாருங்கள். ஸ்வீப் அதே, சுற்று அதே, காற்றில் 13 தான் கூடுதல். நின்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ₹1,200 அதிகம் எதற்கு என்றால் கரண்டுக்கும் சத்தத்துக்கும்தான். காற்று அளவை வாட்டால் வகுத்தால் முதல் ஃபேனுக்கு 4 சொச்சம், இதற்கு 7.5. ஸ்டார் போடுவதே இந்தக் கணக்கை வைத்துத்தான். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம்.

நம் பக்கம் ஃபேன் எங்கே நிற்கிறது! நாளைக்கு 15 மணி நேரம் என்று வைத்தாலும் மாதம் சுமார் 10 யூனிட் மிச்சம். உங்கள் பில்லில் யூனிட் என்ன விலை என்று பார்த்து, போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு முதல் ஃபேனே போதும்.

பழைய ரெகுலேட்டரோடு இதை மாட்டாதீர்கள். அதை எடுத்துவிட்டு நேராக ஸ்விட்சுக்குக் கனெக்ஷன் கொடுக்க வேண்டும். ரிமோட் தொலைந்தால் சுவர் ஸ்விட்சில் ஆன், ஆஃப் மட்டும்தான் வரும்.

3. சின்ன சீலிங் ஃபேன், 36 இஞ்ச், ₹1,590
ஸ்வீப் 900 மி.மீ. | 440 சுற்று | காற்று 142 | 43 வாட் | 1 ஸ்டார்
சத்தம்: ஐந்தில் 57, மூன்றில் 50 டெசிபல்

வேகமாகச் சுற்றுகிறதே, காற்று அதிகம் வருமா என்று கேட்கிறார்கள். வராது, பிளேடு சின்னது. சமையல் மூலைக்கும் 8-க்கு 8 அறைக்கும் சரி. விலை குறைவு என்று பெரிய அறைக்கு வாங்கிப்போய்த் திரும்பி வராதீர்கள், 60 ரூபாய்தான் வித்தியாசம்.

சீலிங் ஃபேன் எதுவானாலும் முதலில் டேப் வைத்து உயரம் பாருங்கள். ராடோடு சேர்த்துப் பிளேடு கூரையிலிருந்து 14 இஞ்ச் இறங்கும்; தரையிலிருந்து பிளேடுக்கு 7 அடியாவது இருக்க வேண்டும். லாஃப்ட் போட்ட அறையில் பெரும்பாலும் இருக்காது. கையைத் தூக்கிச் சட்டை மாட்டும்போது இடிக்கும். அந்த வீட்டுக்குக் கீழே உள்ள நான்காவதைப் பாருங்கள்.

4. டேபிள் ஃபேன், 16 இஞ்ச், ₹2,150
ஸ்வீப் 400 மி.மீ. | 1350 சுற்று | காற்று 66 | 50 வாட்
சத்தம்: மூன்றில் 60, ஒன்றில் 54 டெசிபல்

இதில் மூன்று ஸ்பீடுதான். 66-ஐ சீலிங் ஃபேனின் 212-ஓடு ஒப்பிட்டு ஒதுக்கிவிடாதீர்கள். சீலிங் ஃபேன் அறை முழுக்கப் பரப்பும் காற்றை இது ஒரே திசையில் எறியும். பாயில் படுத்திருப்பவருக்கு இதுவே குளுகுளு என்றிருக்கும். தலை இடம் வலம் திரும்பும், நிறுத்தியும் வைக்கலாம். முன் வலை கழன்று வரும், பிளேடு கழுவலாம். தையல் மெஷின் பக்கத்தில் வைத்தால் துணி பறக்கும், ஒன்றில் வையுங்கள்.

5. குட்டி டேபிள் ஃபேன், 9 இஞ்ச், ₹1,450
ஸ்வீப் 230 மி.மீ. | 2300 சுற்று | காற்று 30 | 45 வாட்
சத்தம்: மூன்றில் 63 டெசிபல்

ஐந்து ஃபேன்களில் இதுதான் அதிகச் சுற்று, இதுதான் குறைந்த காற்று, இதுதான் அதிகச் சத்தம். அடுப்படியிலோ, படிக்கும் பிள்ளையின் மேசையிலோ ஓர் ஆளுக்கு ஆகும். தூங்கும் அறைக்கு நாங்களே தர மாட்டோம்.

தாராவி, சயான், மாட்டுங்கா வரை டெலிவரி இலவசம். மாட்டித் தர ₹200, பழைய ஃபேனைக் கழற்றுவதும் அதிலேயே சேரும். ஆர்டர் சொல்லும்போது அறையின் நீள அகலம், கூரை உயரம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.