பத்தமடைப் பாய் இணையதளம்: நன்றியும் அடுத்த வேலைகளும்

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

நேற்றுப் பத்தமடையில் உங்கள் கடையில் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு மிக்க நன்றி. கோரையை ஊறவைப்பதிலிருந்து தறிவரை பொறுமையாகக் காட்டினீர்கள். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாயைப் பார்த்ததுமே, இணையதளத்தின் முதல் பக்கத்தில் அதுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். பெயர்களையும் முகூர்த்தத் தேதியையும் வாங்குபவரே எழுதி அனுப்ப அங்கே வசதி வைக்கலாம். நெய்ய எத்தனை நாளாகும் என்பதையும் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவோம். அவசரப்படுத்தி நெசவைக் கெடுக்கும் ஆர்டர் நமக்கு வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற பாய் என்பது விலைக்கு அருகிலேயே தெரிய வேண்டும்.

பேசியபடி, செலவு மதிப்பீட்டையும் மாதிரிப் பக்கத்தையும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்புகிறேன். அதற்கு முன் பட்டுப் பாய், சாதாரணப் பாய் இரண்டின் அளவு, விலைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கையால் எழுதியதே போதும். செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குப் புகைப்படக்காரருடன் வருகிறேன். நெசவு செய்யும் அக்காமார்களிடம் முன்பே கேட்டுவையுங்கள். விருப்பமில்லாதவர்களைப் படம் எடுக்க மாட்டோம். தொகை உங்களுக்குச் சரிப்பட்ட பிறகே ஒப்பந்தம், முன்பணம் எல்லாம்.

நாளையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமானால் இந்த மின்னஞ்சலுக்கே ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
முருகேசன்
இணையதள வடிவமைப்பாளர்
பாளையங்கோட்டை