வெள்ளவத்தை வீட்டு நீளப் புத்தக றாக்கை பற்றி

தெஹிவளை
15.03.2025

அன்பின் ரீச்சர்,

போன ஞாயிறு வந்து பார்த்ததைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், கொஞ்சம் பிந்திவிட்டது, மன்னிக்கவும். முதலில், றாக்கை தொங்குவதைக் கண்டு நீங்கள் பயந்த விஷயம். வீடு இறங்கவில்லை. றாக்கையின் இரண்டு பக்கச் சுவரும் மட்டம் பிசகாமல் நிற்கின்றன, பூச்சில் வெடிப்பு இல்லை, பலகையின் இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. தொங்குவது நடுப்பகுதி மட்டும்தான். கறையானும் இல்லை, முழு நீளத்துக்கும் தட்டிப் பார்த்தேன், எங்கேயும் கோறைச் சத்தம் கேட்கவில்லை.

இரண்டாவது, அந்தத் தச்சு பாஸைத் திட்டுவதை இனி விடலாம். மரம் நல்ல மகோகனி. பிழை மரத்தில் இல்லை, ஆறு அடியை நடுவில் ஒரு தாங்கலும் இல்லாமல் ஒரே தாவலாகத் தாண்டவிட்டதில்தான் இருக்கிறது. அந்த யோசனை அவருடையதா, இல்லை கீழே தையல் மெசினுக்கு இடம் வேண்டும் என்று நீங்கள் கேட்டதா என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

எட்டாம் ஆண்டில் எனக்குக் கணிதம் படிப்பித்தவர் நீங்கள், ஆகவே சூத்திரத்தை மறைக்கத் தேவையில்லை. இரண்டு முனையில் தாங்கி, நீளம் முழுக்கச் சீராகப் பாரம் ஏற்றிய பலகையின் நடுத் தொய்வு:

δ = 5wL⁴ / (384EI)

இதில் w ஒவ்வொரு அலகு நீளத்துக்கும் உள்ள பாரம், L நீளம், E மரத்தின் விறைப்பு, I பலகையின் அகலத்தையும் தடிப்பையும் பொறுத்த எண். L-க்கு மேலே உள்ள அந்த 4-ஐப் பாருங்கள். நீளம் இரட்டித்தால், ஒவ்வொரு அடிக்கும் அதே பாரம் இருந்தால், தொய்வு பதினாறு மடங்கு. தடிப்பு I-க்குள் மூன்றாம் அடுக்காக ஒளிந்திருக்கிறது. உங்கள் "ஒரு இஞ்சிப் பலகை" சீவிய பிறகு 22 மில்லிமீற்றர்தான், அகலம் 250, நீளம் 1.8 மீற்றர். புத்தகங்களைக் குளியலறைத் தராசில் பகுதி பகுதியாக நிறுத்தேன், மொத்தம் 38 கிலோ. பலகையின் சொந்தப் பாரத்தையும் சேர்த்து மகோகனிக்கு ஏற்ற E-ஐப் போட்டால் முதல் நாளே ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். குடிபுகுந்த அன்று எடுத்த படத்தில் ஒரு மெல்லிய வில் தெரிகிறதே, அது இதுதான். அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

சரி, பாரம் கூடவில்லை, ஒரு புத்தகம்கூட புதிதாக வைக்கவில்லை என்கிறீர்கள், பிறகு ஏன் ஆண்டுக்கு ஆண்டு தாழ்கிறது? மரம் முழுக்க முழுக்க ரப்பர் போல நடப்பதில்லை. வாங்கில் ஒருவர் உட்கார்ந்து எழும்பினால் பலகை பழைய நிலைக்கு வரும். அவர் ஆறு வருடம் எழும்பாமல் இருந்தால் வராது. நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் போன்ற பகுதி, பாரம் விடாமல் நிற்கும்போது மிக மெல்ல வழுகுகிறது. எங்கள் தொழிலில் இதை கிரீப் என்போம். கொங்கிரீட்டுக்கும் இது உண்டு, அதனால்தான் நீளமான சன்ஷேட் சிலது வருடக்கணக்கில் மெல்லத் தலை கவிழும்.

மரத்துக்கு இன்னொரு குணமும் சேர்கிறது. பாரத்தோடு நிற்கும் பலகை ஈரத்தை இழுத்துப் பின் காயும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக வளையும். எப்போதும் ஈரமாக இருப்பதைவிட ஈரமும் காய்வும் மாறி மாறி வருவதுதான் கெடுதல். இதை 1960-இல் அவுஸ்திரேலியாவில் சோதித்துக் காட்டினார்கள்.

நீங்கள் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நூல் பிடித்துச் சுவரில் பென்சிலால் போட்ட கோடுகள் எனக்குப் பெரிய உதவி, என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இப்படிச் செய்தால் என் வேலை பாதி குறையும். 2020-இல் 21 மில்லிமீற்றர், பிறகு 23, 24, 24½. அதாவது தாழ்வது கூடுகிறது, ஆனால் கூடும் வேகம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, மரம் செய்வதும் அதைத்தான். 2024-இல் மட்டும் ஒரேயடியாக 26, இந்த வருடம் 27. இடையில் என்ன நடந்தது? 2023 நடுவில் அந்த அறைக்கு ஏசி பூட்டினீர்கள். இரவெல்லாம் காய்ந்த காற்று, காலையில் யன்னலைத் திறந்தால் கடற்கரைக் காற்று. பாஸ் மேற்பக்கத்துக்கும் முன்விளிம்புக்கும் மட்டும் வார்னிஷ் அடித்து அடிப்பக்கத்தை வெறும் மரமாக விட்டிருக்கிறார், அந்த வழியாக ஈரம் தாராளமாகப் போய் வருகிறது. நிரூபிக்க முடியாது, ஆனால் என் சந்தேகம் முழுக்க ஏசி மேல்தான்.

ஐரோப்பிய மர விதிக்கோவையான யூரோகோட் 5, நம்முடையதைப் போன்ற ஈரக் காற்றில் நிற்கும் சாதாரண மரத்துக்கு, முதல் தொய்வோடு அதன் 0.8 மடங்கை நீண்டகாலத்துக்குச் சேர்க்கச் சொல்கிறது. 16-க்கு 1.8 மடங்கு கிட்டத்தட்ட 29. நீங்கள் 27-இல் நிற்கிறீர்கள். முறியுமா என்று கேட்டீர்கள், இந்தப் பாரத்தில் முறியாது, பலகையில் உள்ள தகைப்பு மகோகனியின் முறிவு வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அழகுதான் கெடும், பந்து வைத்தால் நடுவுக்கு உருளும்.

மகன் தொலைபேசியில் சொன்னபடி ஒன்றரை இஞ்சிப் பலகை வாங்க வேண்டாம். சீவினால் 35 மில்லிமீற்றர் வரும், விறைப்பு நாலு மடங்கு கூடும், காசும் கூடும். அதே பழைய பலகைக்கு நடுவில் ஒரு இரும்பு பிராக்கெட் கொடுத்தால் தொய்வு முப்பத்தெட்டில் ஒன்றாகிவிடும், அரை மில்லிமீற்றர்கூட இல்லை. தையல் மெசினும் தன் இடத்திலேயே இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: நடு பிராக்கெட் பாரத்தில் பாதியைத்தான் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும், உண்மையில் எட்டில் ஐந்து பங்கு அதன் தலையில் விழும், உங்கள் விஷயத்தில் சுமார் 27 கிலோ. ஆகவே பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போகவேண்டும்.

அதற்கு முன் புத்தகங்களை இறக்கி ஒரு மாதம் பலகையை வெறுமையாக விடுங்கள். ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் உடனே நிமிரும், மிச்சத்தில் கொஞ்சம் மெல்லத் திரும்பும், முழுக்கத் திரும்பாது. பிறகு பலகையைக் கழற்றித் தலைகீழாகப் புரட்டிப் போட்டு, இப்போது வெறுமையாக இருக்கும் பக்கத்துக்கும் வெட்டு முனைகளுக்கும் வார்னிஷ் அடித்து, நடு பிராக்கெட்டின் தலை இரண்டு முனைகளின் மட்டத்தில் இருக்கும்படி பூட்டலாம். பழைய வளைவு மேல்நோக்கி இருப்பதால் புத்தகப் பாரமே அதைக் கீழே அழுத்திச் சமன் செய்யும். இதற்குத் தச்சர் தேவையில்லை, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நான் டிரில்லோடு வருகிறேன், கட்டணம் என்று ஒன்றும் பேசாதீர்கள், வடையும் பிளேன் டீயும் போதும்.

அதுவரைக்கும் நடுவில் அடுக்கியிருக்கும் அந்த இரண்டு தடித்த அகராதிகளையும் பழைய வருடக் கட்டுச் சஞ்சிகைகளையும் முனைப்பக்கம் தள்ளி வையுங்கள், மெல்லிய கதைப் புத்தகங்கள் நடுவில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்
(கட்டமைப்பு ஆலோசகர்)